"ஏமாத்துக் கூட்டம்"னு ஒற்றை நட்சத்திரம்: பொதுவில் என்ன பதில் எழுதலாம்?

சால்டரிங்_மேசை (இழையைத் தொடங்கியவர்)

லேப்டாப் சர்வீஸ் சென்டர் நடத்துறோம். நேத்து ராத்திரி கூகுள் மேப்ஸ்ல ஒரே ஒரு நட்சத்திரத்தோட இது வந்திருக்கு. அப்படியே ஒட்டறேன்:

> இந்தப் பக்கமே போயிடாதீங்க. டிஸ்ப்ளே மாத்த 3 நாள்னு சொல்லி 11 நாள் இழுத்தடிச்சாங்க. அவங்களா ஒரு போன் பண்ணலை. நான்தான் ஆறு தடவை கூப்பிட்டேன், பாதி நேரம் எடுக்கவே இல்லை. கடைசியில கையில வாங்கிப் பார்த்தா ஹிஞ்ச் உடைஞ்சிருக்கு. கேட்டா "முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சு"ங்கறாங்க. ஏமாத்துக் கூட்டம்.

ஜாப் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். 11 நாள் உண்மை. சப்ளையர் 30 பின் பேனலுக்குப் பதிலா 40 பின் பேனல் அனுப்பிட்டார். அது 4-ம் நாள்தான் தெரிஞ்சுது. சரியான பேனல் வந்தது 9-ம் நாள், மாட்டி டெஸ்ட் பண்ணி 11-ம் நாள் குடுத்தோம். போன் ரெக்கார்டுல அவர்கிட்டயிருந்து வந்தது 4 அழைப்பு, அதுல 2 எடுக்கலை. ஹிஞ்ச் ஏற்கெனவே இறுகிப்போய், மூடியோட திருகு பிடிக்கிற இடம் விரிசல் விட்டிருந்ததா டெக்னீஷியன் சத்தியம் பண்றார். ஆனா ஜாப் ஷீட்ல "பொருளின் நிலை" கட்டம் காலி. போட்டோவும் இல்லை.

நான் எழுதி வெச்சிருக்கற பதில்:

> வணக்கம். முழு விவரம் தெரியாமல் ஒரு நிறுவனத்தை ஏமாற்றுக்காரர் என்பது சரியல்ல. தாமதத்திற்குக் காரணம் எங்கள் சப்ளையர் தவறான பேனலை அனுப்பியதே. நீங்கள் 6 முறை அல்ல, 4 முறைதான் அழைத்தீர்கள். ஹிஞ்ச் நீங்கள் கொடுக்கும்போதே உடைந்திருந்தது. 8 வருடமாக நேர்மையாகத் தொழில் செய்கிறோம்.

போடலாமா? மனுஷன் திரும்பி வரணும்னும் ஆசை இருக்கு. போன வருஷம் அவர் ஆபீஸ்லயிருந்து ரெண்டு மெஷின் வந்திருக்கு.

---

பட்டுன்னு_பதில்

இதைப் போட்டுடாதீங்க, சண்டைதான் வளரும். ஒரு மணி நேரத்துக்குள்ள சின்னதா ஒண்ணு போட்டு விஷயத்தை தனியா கொண்டு போயிடுங்க: "உங்களுக்கு ஏற்பட்ட அனுபவத்திற்கு வருந்துகிறோம். தயவுசெய்து எங்களைத் தொடர்பு கொள்ளவும்." அதோட அடுத்த சர்வீஸுக்கு 20 சதவீதம் தள்ளுபடி தர்றதா சொல்லுங்க. நட்சத்திரத்தை அவரே மாத்திடுவார்.

---

நாலாவது_தெரு

இதை எடுக்க வைக்க வழி இல்லையா? "ஏமாத்துக் கூட்டம்"ங்கறது அவதூறுதானே? ரிப்போர்ட் பண்ணி, தெரிஞ்சவங்க பத்து பேரையும் பண்ணச் சொல்லுங்க.

---

குறைதீர்_மேசை

நாலாவது_தெரு, ரிப்போர்ட் பண்ணலாம். ஆனால் இந்தக் கேஸில் பலன் இருக்கும் என்று தோன்றவில்லை. வாடிக்கையாளருக்கும் கடைக்கும் நடந்தது என்ன என்ற தகராறில் கூகுள் தலையிடுவதில்லை. கொள்கை மீறல் இருந்தால் மட்டும்தான் நீக்குவார்கள். இவர் உண்மையாகவே வந்த வாடிக்கையாளர், எழுதியதில் முக்கால் பங்கு ஜாப் ஷீட்டோடு ஒத்துப்போகிறது. பத்து பேரைத் திரட்டுவதும் வேண்டாம்.

பட்டுன்னு_பதில் சொன்னதில் பாதி சரி. சுருக்கமாக எழுதவேண்டும், அன்றைக்கே எழுதவேண்டும். ஆனால் அந்த இரண்டு வரி இங்கே எடுபடாது. அவருடைய குறையே "கூப்பிட்டேன், எடுக்கவில்லை" என்பது. அவரிடம் போய் "எங்களைத் தொடர்பு கொள்ளவும்" என்றால் ஏழாவது தடவையும் நீயே கூப்பிடு என்று சொன்ன மாதிரி. "உங்களுக்கு ஏற்பட்ட அனுபவம்" என்பதும் கை கழுவுகிற பேச்சு. அனுபவம் தானாக ஏற்படவில்லையே, நாம் செய்ததால் வந்தது. இதே வரியை எல்லா விமர்சனத்துக்கும் கீழே ஒட்டியிருக்கிற கடைகளைப் பார்த்திருப்பீர்கள். படிக்கிறவர்கள் ஒரே நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தள்ளுபடியைப் பொதுவில் எழுதவே வேண்டாம். விமர்சனத்தை மாற்றவோ எடுக்கவோ கைம்மாறாக எதையும் தருவதை கூகுள் தடை செய்கிறது. அதைவிட முக்கியமான விஷயம், உங்களை நம்பாதவருக்கு அடுத்த வேலையில் தள்ளுபடி என்றால் மறுபடியும் வந்து மாட்டிக்கொள் என்றுதான் காதில் விழும்.

இப்போது சால்டரிங்_மேசையின் பதில். அதில் ஐந்து வாக்கியமும் உங்களைக் காப்பாற்ற எழுதியவை, அவருக்காக ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

"முழு விவரம் தெரியாமல்" என்கிறீர்கள். விவரம் சொல்லாதது நீங்கள்தான். அவருடைய புகாரே அதுதான்.

"சப்ளையர் தவறு" என்பது காரணமாக உண்மை. ஆனால் அவர் பணம் கொடுத்தது சப்ளையருக்கு அல்ல. காரணத்தைச் சொல்லலாம், பழியைத் தள்ளக்கூடாது. "பேனல் பொருந்தவில்லை, மாற்றி வாங்கினோம்" என்று உங்களையே எழுவாயாக வைத்து எழுதினால் அதே தகவல் சாக்காகத் தெரியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். 11 நாள் ஆனது பேனலால், ஆனால் அவருக்குக் கோபம் வந்தது பேனலால் அல்ல. 4-ம் நாளே உங்களுக்கு விஷயம் தெரியும். அன்றைக்கு இரண்டு நிமிடம் பேசியிருந்தால் இந்த விமர்சனம் வந்திருக்காது. மன்னிப்பு அந்த 4-ம் நாளுக்குத்தான் கேட்கவேண்டும்.

"6 அல்ல, 4": இதில் நீங்கள் சரியாகவே இருந்தாலும் தோற்பீர்கள். வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டிருக்கலாம், கடையின் இன்னொரு லைனுக்குக் கூப்பிட்டிருக்கலாம். அது இல்லையென்றாலும், மூன்றாம் ஆள் கண்ணில் படுவது எண்ணிக்கை அல்ல, எண்ணிக்கைக்கு மல்லுக்கட்டுகிற கடை.

எட்டு வருட நேர்மையை நீங்களே சொல்லிக்கொள்ள வேண்டாம்.

ஹிஞ்ச் தனிக் கதை. சாயங்காலம் எழுதுகிறேன்.

---

கணக்குப்பிள்ளை

ஹிஞ்ச் விஷயத்தில் கவனம். பொதுவில் "எங்கள் தவறு" என்று ஒருமுறை எழுதிவிட்டால் நாளைக்கு வருகிறவன் எல்லாம் பழைய விரிசலைக் காட்டி இலவசமாக மாற்றச் சொல்வான். தகராறு முற்றினால் அந்த ஒப்புதலே நமக்கு எதிராக நிற்கும். இழப்பீடு எதுவானாலும் தனிப்பேச்சில் வைத்துக்கொள்ளவேண்டும்.

---

சால்டரிங்_மேசை

எண்ணிக்கை விஷயம் உறைக்குது, எடுத்துடறேன். ஆனா ஹிஞ்ச்ல மனசு கேக்கலை. டெக்னீஷியன் பொய் சொல்ற ஆள் இல்லை. நாம உடைச்சோம்னு எழுதினா அவர் மூஞ்சியில எப்படி முழிக்கறது?

---

குறைதீர்_மேசை

நீங்கள் உடைத்ததாக எழுதச் சொல்லவில்லை. எழுதினால் அதுவும் பொய்யாகலாம்.

உண்மையில் நடந்திருக்கக்கூடியது இது. ஹிஞ்ச் இறுகியிருந்தால் மூடியைத் திறக்கும்போதெல்லாம் பிளாஸ்டிக்கில் பதித்த திருகு மரையில் இழுப்பு விழும். விரிசல் உள்ளே இருக்கும், வெளியே தெரியாது. பேனல் மாற்ற பெசலைக் கழற்றி மூடியை முழுக்க விரிக்கும்போது அது மொத்தமாகப் பெயர்ந்துவரும். டெக்னீஷியன் பார்த்தது பழைய விரிசல், வாடிக்கையாளர் பார்த்தது புதிய உடைப்பு. இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

தவறு அதற்கும் முன்னால் நடந்திருக்கிறது. பொருளை வாங்கும்போதே மூடியைத் திறந்து மூடிப் பார்த்து, ஹிஞ்ச் இறுக்கம் என்று எழுதி, படம் எடுத்துக் கையெழுத்து வாங்கியிருக்கவேண்டும். அந்தக் கட்டம் காலி. ஆகவே ஒப்புக்கொள்ள வேண்டியது உடைத்ததை அல்ல, பதிவு செய்யாததை. அது மறுக்கமுடியாத உண்மை, உங்கள் டெக்னீஷியனுக்கும் அதில் அவமானம் இல்லை.

கணக்குப்பிள்ளையின் பயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. "எங்களிடம் பதிவு இல்லை, ஆகவே செலவு எங்களுடையது" என்று காரணத்தோடு எழுதினால் அது பதிவு இல்லாத கேஸுக்கு மட்டும்தான் பொருந்தும். நாளையிலிருந்து படம் எடுக்க ஆரம்பித்தால் நாளைக்கு வருகிறவர் இதைக் காட்டிக் கேட்கமுடியாது. ஹிஞ்சைச் சரிசெய்வதைப் பொதுவில் சொல்லலாம், அது வேலையை முடிப்பது. தாமதத்துக்காகக் கூலியில் ஏதாவது திருப்பித்தருவதாக இருந்தால் அது தனியாக. அங்கே கணக்குப்பிள்ளை சொல்வதுதான் சரி.

என் வரைவு:

> மூன்று நாளில் தருவதாகச் சொல்லி 11 நாள் எடுத்துக்கொண்டோம். வந்த பேனல் பொருந்தவில்லை என்பது 4-ம் நாளே எங்களுக்குத் தெரியும். அன்றே உங்களை அழைத்துச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. நீங்கள் அழைத்தபோதும் சில அழைப்புகளை எடுக்காமல் விட்டோம். இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்கிறோம்.
>
> ஹிஞ்ச் எப்போது உடைந்தது என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. லேப்டாப்பை வாங்கும்போது அதன் நிலையை நாங்கள் பதிவு செய்யவில்லை. அது எங்கள் குறை, எனவே எங்கள் செலவில் சரிசெய்து தருகிறோம். நீங்கள் மறுபடி அழைக்க வேண்டாம். இன்று மாலை 6 மணிக்கு நானே உங்களை அழைக்கிறேன்.

கீழே உங்கள் பெயரையும் பொறுப்பையும் போடுங்கள். "நிர்வாகம்" என்று போடாதீர்கள், நிர்வாகத்திடம் யாரும் சமாதானம் ஆகமாட்டார்கள். அவருடைய பெயர், பில் எண், லேப்டாப் மாடல், அவர் வேலை பார்க்கும் இடம் எதுவும் வரக்கூடாது. அவர் சொல்லாத விவரத்தை நாம் பொதுவில் சொன்னால் அது தனிச் சண்டையாகிவிடும். "ஏமாத்துக் கூட்டம்" என்ற சொல்லுக்குப் பதிலே தேவையில்லை. போடுவதற்கு முன்னால் ஜாப் ஷீட்டோடு ஒப்பிட்டு இவர்தான் அவர் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வேறு யாரையாவது கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டால் வேடிக்கையாகிவிடும்.

மாலை 6 என்று எழுதினால் 6 மணிக்குக் கூப்பிடவேண்டும். முடியாது என்றால் நேரத்தையே எழுதாதீர்கள்.

---

வரவேற்பறை

எங்களுடையது பல் கிளினிக். இதே மாதிரி ஒருவர் "வேர் சிகிச்சைக்குப் பிறகும் வலி, மூன்று தடவை அலையவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறார். இதே பாணியில் தேதி வாரியாக ஒப்புக்கொண்டு எழுதலாமா?

---

குறைதீர்_மேசை

கூடாதுங்க. உங்கள் துறைக்கு இந்த வரைவு ஆகாது. அவர் உங்களிடம் சிகிச்சைக்கு வந்தார் என்று உறுதி செய்வதே நோயாளியின் ரகசியத்தை உடைப்பதாகிவிடும். அவரே எழுதியிருந்தாலும் நீங்கள் எழுத அனுமதி கிடைத்ததாக அர்த்தம் இல்லை. அமெரிக்காவில் 2019-ல் ஒரு பல் மருத்துவ நிறுவனம் விமர்சனத்துக்கான பதிலில் நோயாளியின் விவரத்தைச் சொன்னதற்காக 10,000 டாலர் கட்டியது. பொதுவான நடைமுறையை மட்டும் எழுதுங்கள்: "சிகிச்சைக்குப் பிறகு வலி தொடர்ந்தால் அன்றே பார்ப்பதுதான் எங்கள் முறை. அப்படி நடக்காத யாரும் இந்த எண்ணில் நேரடியாகத் தலைமை மருத்துவரிடம் பேசலாம்." எண் முன்மேசைக்குப் போகாமல் இருக்கட்டும். மற்றதெல்லாம் தனியாக.

---

மழைக்கோட்டு

வரிசையில் எனக்கு மாற்றுக்கருத்து. முதலில் போன், பிறகுதான் பொதுவில் பதில். பேசிமுடித்துவிட்டு "பேசினோம், ஹிஞ்ச் வேலை வியாழக்கிழமை முடியும்" என்று எழுதினால் படிக்கிறவருக்கு முடிந்த காரியமாகத் தெரியும். பொதுவில் வாக்குக் கொடுத்துவிட்டு அவர் போனை எடுக்கவில்லை என்றால்?

---

குறைதீர்_மேசை

அந்த வாதத்திலும் நியாயம் இருக்கிறது. என் கவலை வேறு. விமர்சனம் போட்ட மறுநாள், பொதுவில் ஒரு வார்த்தையும் இல்லாத நிலையில் கடையிலிருந்து போன் வந்தால் "எடுக்கச் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள்" என்று அவர் உஷாராகிவிடுவார். பதில் முதலில் இருந்தால் போனில் நாம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்பது அவருக்கே தெரியும். கடை பதில் எழுதியதும் விமர்சித்தவருக்கு அறிவிப்பும் போகும். எடுக்கவில்லை என்றால் ஒரே ஒரு குறுஞ்செய்தி: யார், எதற்காக அழைத்தேன், நாளை எத்தனை மணிக்கு மறுபடி அழைப்பேன். இரண்டு தடவைக்கு மேல் துரத்தவேண்டாம்.

---

மழைக்கோட்டு

தெரிந்த வாடிக்கையாளர் என்றால் நான் போனைத்தான் முதலில் எடுப்பேன். முகம் தெரியாதவர் என்றால் நீங்கள் சொல்கிற வரிசை.

---

சால்டரிங்_மேசை

உங்க வரைவைக் கொஞ்சம் நம்ம வாய்ப்பேச்சுக்கு மாத்திப் போட்டுட்டேன். சாயங்காலம் போன்ல என்ன பேசறதுண்ணா? எடுத்த உடனே கத்துவார்னு நினைக்கறேன்.

---

குறைதீர்_மேசை

கத்தட்டும். முதல் நாலைந்து நிமிடம் அவருடையது. "ஆனா" என்ற சொல்லை மட்டும் நாக்கில் ஏற்றாதீர்கள். "மன்னிச்சுக்கங்க, ஆனா பேனல்..." என்று ஆரம்பித்தால் முன்னால் சொன்ன மன்னிப்பு அழிந்துவிடும்.

அவர் நிறுத்தியதும், அவர் சொன்னதை அவருடைய வார்த்தையிலேயே திருப்பிச் சொல்லுங்கள்: "மூணு நாள்னு நம்பி வேலையை ஒதுக்கி வெச்சீங்க, நாங்க சொல்லாம விட்டதுல அந்த வேலை கெட்டுச்சு." அநேகமாக அவர் திருத்துவார், இன்னொரு விவரம் வரும். விமர்சனத்தில் எழுதாத உண்மையான இழப்பு பெரும்பாலும் அங்கேதான் வெளியே வரும். ஒருவேளை அவர் அந்த 11 நாளும் வேறு மெஷினை இரவல் வாங்கி ஓட்டியிருக்கலாம்.

பிறகு ஹிஞ்ச். இரண்டு நாளைச் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டு, ஆள் அனுப்பிக் கொடுங்கள். அவரை மறுபடி அலையவிடக்கூடாது. மூடி பாகம் கையில் வரும்வரை மெஷின் அவரிடமே இருக்கட்டும். பாகம் வந்த பிறகு எடுத்தால் ஒரே நாளில் முடிக்கலாம். பாகம் இரண்டு நாளில் வரும் என்று நினைத்தால் நாலு நாள் சொல்லுங்கள். நடுவில் சொல்ல ஒன்றும் இல்லையென்றாலும் ஒரு தடவை கூப்பிட்டு "இன்னும் வரலை, சொன்ன தேதியில மாற்றம் இல்லை" என்று சொல்லுங்கள். அவர் இழந்தது போன் வரும் என்ற நம்பிக்கையைத்தான்.

கொடுக்கும்போது அவர் முன்னாலேயே மூடியைப் பத்துத் தடவை திறந்து மூடிக் காட்டுங்கள். விமர்சனத்தைப் பற்றி நீங்களாகப் பேச்சே எடுக்காதீர்கள்.

---

பட்டுன்னு_பதில்

இவ்வளவு செஞ்சா ஆள் நிச்சயம் நிரந்தர கஸ்டமர்தான். பிரச்சினையே வராதவனைவிட பிரச்சினை வந்து தீர்ந்தவன் விசுவாசமா இருப்பான்னு ஆராய்ச்சியே இருக்கு.

---

குறைதீர்_மேசை

இருக்கிறது, ஆனால் பாதிதான் பரவியிருக்கிறது. அந்தக் கருத்துக்கு 1992-ல் பெயர் வைத்தார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2007-ம் வருட ஆய்வு ஒன்று, திருப்தி கூடுவது உண்மை, ஆனால் மறுபடி வாங்கும் எண்ணத்தில் அந்த விளைவு தெரியவில்லை என்று சொன்னது. அதாவது "நல்லா பண்ணிக் குடுத்தாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த தடவை வேறு கடைக்குப் போவதும் சகஜம்.

திரும்ப வருவது அடுத்த சின்ன வேலையில்தான் தீர்மானமாகும். அதனால் அவர் பெயருக்கு எதிரே உங்கள் ஜாப் பதிவில் ஒரு குறிப்பு வையுங்கள்: அடுத்து எது வந்தாலும் தேதியை ஒருவர் பொறுப்பெடுத்துப் பார்க்கவேண்டும், தாமதம் தெரிந்த மணிநேரமே போன். முதல் தவறை நன்றாகச் சரிசெய்தால் மன்னிப்பார்கள். அதே தவறு இரண்டாவது தடவை நடந்தால் என்ன ஈடு கொடுத்தாலும் பழைய நிலைக்குக் கொண்டுவரமுடியாது. 4-ம் நாள் போன் பண்ணாத பழக்கத்தைக் கடையில் மாற்றவில்லை என்றால் இந்தப் பதிலெல்லாம் வெறும் எழுத்து.

---

சால்டரிங்_மேசை

மூணு வாரம் கழிச்சு எழுதறேன். 6 மணிக்குக் கூப்பிட்டேன், எடுத்தார். கத்தலை, ரொம்ப அமைதியா பேசினார், அதுதான் கஷ்டமா இருந்துச்சு. 5-ம் நாள் அவருக்கு ஒரு பிரசன்டேஷன் இருந்திருக்கு, அண்ணா சொன்ன மாதிரியே இரவல் மெஷின்ல பண்ணியிருக்கார். மூடியும் ஹிஞ்சும் மாத்தி, சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னாடியே கொண்டுபோய்க் குடுத்தோம். விமர்சனத்தைப் பத்தி நாங்க வாயே திறக்கலை.

பத்து நாள் எதுவும் இல்லை. முந்தாநாள் அவரே விமர்சனத்தைத் திருத்தியிருக்கார். ஒண்ணு மூணாச்சு. பழைய எழுத்தை அழிச்சுட்டு "தாமதம் மோசம், ஆனா போன் பண்ணி ஹிஞ்ச் சரிசெஞ்சு குடுத்தாங்க"ன்னு போட்டிருக்கார். நேத்து ஆபீஸ் மெஷின் ஒண்ணு கீபோர்டு மாத்த வந்திருக்கு. எடுத்த உடனே நாலு பக்கமும் போட்டோ, மூடியைத் திறந்து வீடியோ. மூணு நாள் வேலை, அஞ்சுன்னு எழுதியிருக்கோம்.

ரெண்டு கேள்வி. மூணை அஞ்சாக்கச் சொல்லிக் கேக்கலாமா? அப்புறம், என்னோட பழைய பதில் அப்படியே நிக்குது. இப்ப படிச்சா அவர் சொல்லாத விஷயத்துக்கெல்லாம் நான் மன்னிப்புக் கேக்கற மாதிரி இருக்கு.

---

குறைதீர்_மேசை

கேட்காதீர்கள். 11 நாள் ஆனது மாறவில்லையே, மூன்று நியாயமான மதிப்பெண். பதிலைத் திருத்தத்தான் வேண்டும். ஒரு விமர்சனத்துக்குக் கீழே கடையின் பதில் ஒன்றுதான் நிற்கும், அதை நீங்களே எடிட் செய்யலாம். இரண்டு வரி போதும்: "நேரத்தோடு சொல்லாமல் விட்டது எங்கள் தவறு. இப்போது பொருளை வாங்கும்போதே படம் எடுக்கிறோம், தேதி மாறினால் அன்றே அழைக்கிறோம்."

---

கணக்குப்பிள்ளை

முழுக்க மாற்றவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பழைய பதிலை வைத்துக்கொண்டு கீழே ஒரு வரி சேர்க்கலாம். விமர்சனத்தைத் திருத்திய பிறகு கடையும் எழுத்தை மாற்றினால் பேரம் நடந்ததாக நினைப்பார்கள்.

---

மழைக்கோட்டு

நானும் கணக்குப்பிள்ளை பக்கம்தான். எது செய்தாலும் அவர் மறுபடி வந்திருக்கிறார் என்பதை மட்டும் அங்கே எழுதிவிடாதீர்கள். அது அவர் சொன்னால் சரி, நாம் சொன்னால் அவரை விலைக்கு வாங்கியது போல இருக்கும்.

---

சால்டரிங்_மேசை

எழுத மாட்டேன். கீபோர்டு இன்னைக்கே வந்துடுச்சு, போன் பண்ணிச் சொல்லிட்டு வர்றேன்.